$1,800 என்று மட்டும் போட்ட பில்லுக்கு USD அனுப்பிவிட்டோம். இனி என்ன செய்வது?

கயல்
வணக்கம். இங்கே வந்து பத்து நாள்தான் ஆகிறது. அறைக்கு முன்பணம் கட்டச் சொல்லி வந்த பில்லில் $1,800 என்று மட்டும் இருந்தது. அண்ணா நேற்று வங்கியில் 1,800 டாலர் என்று சொல்லி அனுப்பிவிட்டார், ரசீதில் USD என்று இருக்கிறது. பக்கத்து அறைப் பெண் "அது வேற டாலராச்சே" என்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் சேரவில்லை என்றால் அறை கை நழுவிவிடும். கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

முருகேசன்
தங்கை, வங்கி வழியாக அனுப்பியதுதான் தவறு. பணம் அனுப்பும் செயலிகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் வந்த புதிதில் மூன்று மாதம் அனுப்புகட்டணத்துக்கே அழுதேன். கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்வார்கள், மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

தேவகி
அவர் கட்டணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, முருகேசன் அண்ணா. கயல், நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பிரபு
நாடு தெரியாமலே சொல்லலாம். $ குறியில் இரண்டு செங்குத்துக் கோடு இருந்தால் அமெரிக்க டாலர், ஒரு கோடு இருந்தால் மற்ற நாட்டு டாலர். பில்லைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சிவகாமி
பிரபு, அதை நம்ப வேண்டாம். ஒரு கோடா இரண்டு கோடா என்பது எழுத்துருவைப் பொறுத்தது. கணினியில் இரண்டும் ஒரே குறிதான், வேறு எழுத்துருவில் திறந்தால் கோட்டின் எண்ணிக்கை மாறிவிடும். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் எல்லாம் உள்நாட்டில் வெறும் $ என்றே எழுதுகின்றன. மெக்சிகோவில் பெசோவுக்கும் அதே $ தான். C$, A$, S$ என்று எழுத்துச் சேர்ப்பது பெரும்பாலும் வெளியாருக்காக.

குறியை வைத்து முடிவு செய்யாமல், பணம் போகிற கணக்கைப் பாருங்கள். ஒன்பது இலக்க ரவுட்டிங் எண் கேட்டால் அமெரிக்கா. ஆறு இலக்க BSB கேட்டால் ஆஸ்திரேலியா. ஐந்து இலக்க டிரான்சிட் எண்ணும் மூன்று இலக்க நிறுவன எண்ணும் கேட்டால் கனடா. பில்லில் HST என்ற வரி இருந்தாலும் கனடாதான். GST என்று மட்டும் இருந்தால் எதுவும் உறுதியில்லை, பல நாடுகளில் அந்தப் பெயர் உண்டு.

கயல்
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். கனடா. டிரான்சிட் எண் ஐந்து இலக்கம், பில்லில் HST-யும் இருக்கிறது.

பிரபு
அப்படியானால் உடனே வங்கிக்குப் போய் ரீகால் போடச் சொல்லுங்கள். முழுப் பணமும் திரும்பி வரும். கையோடு 1,800 கனடா டாலரைத் தனியாக அனுப்பிவிடுங்கள்.

சிவகாமி
அதைச் செய்ய வேண்டாம், கயல். முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு USD-க்கு 1.36 CAD என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காக எடுத்த எண், அன்றைய விகிதத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்). கட்ட வேண்டியது 1,800 CAD, அதாவது ஏறத்தாழ 1,324 USD. நீங்கள் அனுப்பியது 1,800 USD, அதாவது 2,448 CAD. பெறுபவரின் கணக்கு CAD கணக்கு என்றால், அவர் வங்கி தன் விகிதத்தில் மாற்றித்தான் வரவு வைக்கும். அதனால் 2,448-ஐவிடக் கொஞ்சம் குறையும். எப்படியும் குறைவாகக் கட்டவில்லை, ஏறத்தாழ அறுநூறு CAD அதிகமாகக் கட்டியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமையைப் பற்றிய பயத்தை அதனால் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பணம் அதற்குள் போய்ச் சேருமா என்பதுதான் மீதிக் கேள்வி.

பெறுபவர் கணக்கில் வரவு வைத்த பிறகு அவர் சம்மதித்தால்தான் ரீகால் நடக்கும். வரவாகுமுன் நிறுத்த முடிந்தாலும், இடையில் உள்ள வங்கிகள் கட்டணம் பிடிக்கலாம். பணம் திரும்பவும் மாற்றப்பட்டால் விகித இழப்பு இரண்டாம் முறை வரும். இரண்டு பணமும் போய்ச் சேர்ந்தால் சிக்கல் இன்னும் பெரிது. எனவே இன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: தவறுதலாக USD அனுப்பிவிட்டோம், மீதியை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ரசீதையும் இணையுங்கள்.

முருகேசன்
வீட்டுக்காரர்கள் மீதியைத் தருவார்களா? என் அனுபவத்தில் முன்பணத்தையே திரும்ப வாங்க முடியவில்லை. அதிலும் வெளிநாட்டு மாணவர் என்றால்...

பாரி
குளிர்காலத்தில் அறை தேடுவதும் அப்படித்தான். யாரும் பதிலே போடுவதில்லை.

தேவகி
அதற்குத் தனியாக எழுதுங்கள். கயலுக்கு நேரமில்லை. அண்ணாவிடம் வங்கி அனுப்பிய செய்தியின் நகலைக் கேட்கச் சொல்லுங்கள். பழைய SWIFT வடிவில் நகல் தந்தால், அதில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
:32A:250314USD1800,00
```

முதல் ஆறு இலக்கம் ஆண்டு, மாதம், நாள். அடுத்த மூன்று எழுத்து நாணயம். பிறகு தொகை. காற்புள்ளிதான் இங்கே தசமம். அதைப் பார்த்து லட்சத்து எண்பதாயிரம் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். 33B என்ற வரியில் வேறு நாணயம் இருந்தால், வழியில் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாரி
குறியீட்டில் முதல் இரண்டு எழுத்து நாடு, மூன்றாவது நாணயத்தின் பெயர், அவ்வளவுதானே? CAD என்றால் CA, D. எளிதுதான்.

சிவகாமி
பெரும்பாலும் சரி, ஆனால் எப்போதும் இல்லை. EUR அந்த விதிக்குள் வராது. CHF விதிக்குள் வந்தாலும், அதில் CH என்பது சுவிட்சர்லாந்தின் லத்தீன் பெயரின் சுருக்கம். பல நாடுகளுக்குப் பொதுவான பிராங்க் XOF, XAF என்று X-இல் தொடங்கும். ஆனால் விதியைவிட அதிகம் சறுக்க வைப்பவை ஒன்றுபோல் தோன்றும் குறியீடுகள். SGD சிங்கப்பூர் டாலர், SDG சூடான் பவுண்டு. INR இந்திய ரூபாய், IDR இந்தோனேசிய ரூபியா. படிவத்தில் முதல் எழுத்தைத் தட்டி, பட்டியலில் முதலில் வருவதைத் தொட்டுவிட்டால் இப்படித்தான் மாறும். குறியீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டின் பெயரையும் படித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

Rs என்பதும் அதே வகைதான். இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீஷியஸ் எல்லாம் அதை எழுதுகின்றன. ₹ மட்டும் 2010 முதல் இந்தியாவுக்கு. ¥ குறி ஜப்பானிய யென்னுக்கும் சீன யுவானுக்கும் உண்டு. JPY-க்கு வங்கிக் கணக்கில் தசமமே கிடையாது. மாறாக, குவைத் தினாரில் மூன்று தசம இடம். KWD 1.250 என்பதை ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று வாசித்துவிடாதீர்கள்.

பிரபு
இரண்டு கோடு விஷயத்தில் நான் தவறிவிட்டேன். ஆனால் விகித இழப்பை வங்கி ஈடு செய்யும் என்றே நினைக்கிறேன். பில்லில் நாணயம் தெளிவாக இல்லையே, வங்கி கேட்டிருக்க வேண்டாமா?

சிவகாமி
படிவத்தில் USD என்று நிரப்பிக் கையொப்பம் இட்டிருந்தால் வங்கி அதைத்தான் செய்யும். விட்டுக்கொடுக்குமா என்பது அந்த வங்கியைப் பொறுத்தது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கயல்
வீட்டுக்காரரிடமிருந்து பதில் வந்துவிட்டது. பணம் இன்று பிற்பகல் சேர்ந்திருக்கிறது. 2,390-க்குச் சற்று மேலே CAD என்று காட்டுகிறதாம். மீதியை அடுத்த மாதத்தில் கழிப்பதாக எழுத்தில் தந்துவிட்டார். வாடகை ஒப்பந்தத்திலும் $ என்று மட்டுமே இருக்கிறது. அதில் CAD என்று சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா?

தேவகி
கட்டாயம் கேளுங்கள். கையொப்பம் இடுமுன் முதல் பக்கத்தில் "எல்லாத் தொகையும் CAD-இல்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே கையொப்பம் இட்டுவிட்டீர்கள் என்றால், அவர் அனுப்பும் மின்னஞ்சலில் அந்த வரி இருந்தாலும் போதும்.