33 மைக்ரோஹென்றி காயில் கொதித்த கதை

காபித்தோட்டம்:
ஏற்காட்டில் சித்தப்பாவின் தோட்ட வீட்டில் 24 வோல்ட் சோலார் பேட்டரி. அதிலிருந்து 12 வோல்ட் எடுத்து ரவுட்டரும் கேமரா டி.வி.ஆரும் ஓட வேண்டும். மொத்தம் 2 ஆம்பியர். LM2596 என்று சிப்பில் அச்சிட்ட ரெடிமேட் போர்டு வாங்கி மாட்டினேன். அரைமணி நேரத்தில் காயிலைத் தொட முடியவில்லை. வெயில் ஏற ஏற டி.வி.ஆர் தானாக ரீஸ்டார்ட் ஆனது.

காயிலில் கரண்ட் எவ்வளவு ஏறி இறங்கும் என்று வாங்கும் முன்பே கணக்குப் பார்த்திருந்தேன்:

```
ΔI = Vout × (1 − Vout/Vin) / (L × f)
```

24 வோல்ட், போர்டில் இருந்த 33 மைக்ரோஹென்றி காயில், LM2596 டேட்டாஷீட் சொல்லும் 150 கிலோஹெர்ட்ஸ் போட்டால் ரிப்பிள் 1.2 ஆம்பியர். அதில் பாதியை லோடோடு கூட்டினால் உச்சம் 2.6. காயில் 3 ஆம்பியர் தாங்கும். அப்புறம் ஏன் கொதிக்கிறது என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன்.

சேலத்தில் நண்பனிடம் ஸ்கோப் இருந்தது. சிப், டயோடு, காயில் மூன்றும் சேரும் இடத்தில் ப்ரோபை வைத்தால் ஒரு சுற்றுக்கு 20 மைக்ரோசெகண்ட் காட்டியது. அதாவது 50 கிலோஹெர்ட்ஸ். 150 என்றால் 6.7 தான் வர வேண்டும். சார்ஜ் ஆகும்போது பேட்டரி 28.8 வோல்ட் வரை ஏறுவதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ரிப்பிள் 4.2, உச்சம் 4 ஆம்பியருக்கு மேல். அவுட்புட்டில் 0.7 வோல்ட் ஆடிக்கொண்டிருந்தது.

பழைய ரேடியோ:
இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா தம்பி? அவுட்புட்டில் பத்து செராமிக் கெப்பாசிட்டரை பேரலலாக வையுங்கள், ரிப்பிள் போயே போச்சு. நாற்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

டிரைவர் அக்கா:
அண்ணா, அவுட்புட் வோல்டேஜ் ரிப்பிள் குறையும், சரி. காயிலில் ஓடும் ரிப்பிள் கரண்ட் அப்படியேதான் இருக்கும். அதை நிர்ணயிப்பது காயிலும் ஃப்ரீக்வென்சியும் வோல்டேஜும். சூடு போகாது. இன்னொன்று, இந்தப் பழைய வகை சிப்புக்கு அவுட்புட் கெப்பாசிட்டரில் ஈ.எஸ்.ஆர், அதாவது உள் மின்தடை, கொஞ்சம் இருந்தால்தான் ஃபீட்பேக் நிலையாக நிற்கும். முழுக்கச் செராமிக் போட்டு, ஊஞ்சல் மாதிரி ஆடிய போர்டை எங்கள் பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

தம்பி, காயில் சாச்சுரேட் ஆனதா என்று பார்த்தீர்களா? காயிலோடு தொடராக 0.1 ஓம் ரெசிஸ்டர் வைத்து அலையைப் பாருங்கள். நேர்கோடாக ஏறினால் காயில் தாக்குப்பிடிக்கிறது. மேலே போகப்போகக் கோடு சட்டென்று செங்குத்தாக வளைந்தால் கோர் நிரம்பிவிட்டது.

காபித்தோட்டம்:
பார்த்தேன் அக்கா. 3 ஆம்பியரைத் தாண்டியதும் வளைந்தது.

கொலுசுப்பட்டறை:
செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பட்டறை எல்.இ.டி விளக்கிலும் இதே பிரச்சனைதான். வெளிச்சத்தைக் குறைத்தால் கீச்சென்று கத்துகிறது. பெரிய காயில் போட்டால் சரியாகுமா?

டிரைவர் அக்கா:
உங்களுடையது வேறு. லோடு குறைந்தால் சில சிப்புகள் விட்டு விட்டு ஸ்விட்ச் செய்யும். அந்த இடைவெளி காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வந்தால் கத்தும். எந்த சிப் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய ரேடியோ:
அப்படியென்றால் ஃப்ரீக்வென்சியை ஏற்றிவிடலாமே, காயிலும் சின்னதாகிவிடும்.

காபித்தோட்டம்:
இந்த சிப்பில் அது உள்ளேயே நிர்ணயமானது அண்ணா. ஏற்ற வழியிருந்தாலும் ஒவ்வொரு ஸ்விட்சிங்குக்கும் கொஞ்சம் பவர் வீணாகும், சூடு சிப்புக்கு மாறும். அதனால் 50 கிலோஹெர்ட்ஸை ஏற்றுக்கொண்டு காயிலை மாற்றினேன். லோடில் 30 சதவீதம், அதாவது 0.6 ஆம்பியர் ரிப்பிள் போதும் என்று வைத்து, 28.8 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 233 மைக்ரோஹென்றி. கடையில் 220 கிடைத்தது, ரிப்பிள் 0.64, உச்சம் 2.3. சாச்சுரேஷன் 3 ஆம்பியர் என்று டேட்டாஷீட்டில் பார்த்துத்தான் வாங்கினேன்.

கெப்பாசிட்டரில்தான் எனக்குக் கண் திறந்தது. 220 மைக்ரோஃபாரட் போட்டால், ஃபாரட் கணக்கில் வரும் ரிப்பிள் வெறும் 7 மில்லிவோல்ட். ஆனால் போர்டில் இருந்த எலக்ட்ரோலிட்டிக்கின் ஈ.எஸ்.ஆர் 0.15 ஓம். 0.64 ஆம்பியர் அதில் ஓடினாலே கிட்டத்தட்ட 100 மில்லிவோல்ட். இன்னும் பெரிய கெப்பாசிட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன், வீண். அதே 220-ல் 0.04 ஓம் உள்ள லோ ஈ.எஸ்.ஆர் வகை போட்டதும் 30-க்குள் அடங்கியது. காயில் இப்போது வெதுவெதுப்புதான்.

டிரைவர் அக்கா:
நல்லது. ஆனால் உங்கள் ஊர்க் குளிரில் எலக்ட்ரோலிட்டிக்கின் ஈ.எஸ்.ஆர் ஏறும். பத்து டிகிரியில் கொஞ்சம்தான் ஏறும் என்று நினைக்கிறேன். மார்கழி விடியற்காலையில் ஒருமுறை ஸ்கோப் வைத்துப் பாருங்கள்.

காபித்தோட்டம்:
அந்த நேரத்தில் மலைக்கு ஸ்கோப்பைத் தூக்கி வர நண்பன் சம்மதிக்க வேண்டுமே!

கொலுசுப்பட்டறை:
சிப் மேல் எழுத்தைச் சுரண்டி வைத்திருக்கிறார்கள் அக்கா. ஒன்றும் தெரியவில்லை.