டாப் 5-ல் ஆறு பேர்: Dense போட்டால் தீருமா?

கோத்தகிரி மணி: பவர் பிஐ-யில் விவசாயிகளின் தேயிலை வரவு டாப் 5 பட்டியலில் 4-ஆம் இடமே இல்லை, ஆறு பேர் வேறு வந்தார்கள். RANKX-ல் Dense போட்டேன், சரியாகிவிட்டது. இதற்குப் போய் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

குந்தா கணக்கர்: என்ன சரியானது? எங்கள் தொழிற்சாலையில் ஒரு வார வரவு 840, 795, 760, 760, 742, 742, 730 கிலோ. ஒன்றும் சொல்லாமல் விட்டால் RANKX Skip முறையில்தான் போகும்: 1, 2, 3, 3, 5, 5, 7. ஐந்துக்குள் ஆறு பேர். Dense போட்டால் 1, 2, 3, 3, 4, 4, 5. இப்போது ஏழு பேர்! ஓட்டையை அடைத்துப் பட்டியலை நீட்டியிருக்கிறீர்கள்.

கோத்தகிரி மணி: 4 வந்ததா இல்லையா? முதலாளி கேட்டது அதைத்தான்.

குந்தா கணக்கர்: பரிசு ஐந்துதான். மீதி இரண்டு பேருக்கு உங்கள் பையிலிருந்தா கொடுப்பீர்கள்?

ஊட்டி ரவி: RANKX எதற்கு? TOPN போட்டால் கச்சிதமாக ஐந்து வரும்.

குந்தா கணக்கர்: போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடைசி இடத்தில் சமம் இருந்தால் TOPN-ம் இருவரையும் கொண்டுவரும். அதே ஆறு.

கூடலூர் செல்வி: நான் எக்செலில் இதைப் போடுகிறேன், ஒரே இடம் இருவருக்கு வராது.

```
=RANK.EQ(B2,B$2:B$8)+COUNTIF(B$2:B2,B2)-1
```

குந்தா கணக்கர்: வராதுதான் அம்மா. ஆனால் ஷீட்டில் மேலே இருப்பவர் முந்திவிடுவார். நாளைக்குப் பெயர் வரிசையில் அடுக்கினால் 3-ம் 4-ம் இடம் மாறிக்கொள்ளும். விவசாயி வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? எடை சமமானால் யார் முன் என்பதைத் தொழிற்சாலைதான் முடிவு செய்ய வேண்டும். எங்களிடம் கழிவு இலை குறைந்தவர் முன்:

```
Rank =
RANKX(
  ALL('Grower'),
  [Leaf Kg] * 1000 - [Reject Kg]
)
```

எடை முழுக் கிலோவாகவும் கழிவு 1000-க்குள்ளும் இருக்கும்வரை கழிவு எடையை மீறாது. 760-ல் ஒருவருக்குக் கழிவு 12, மற்றவருக்கு 19. 759988, 759981 என்று வரும். முதலாமவர் 3, அடுத்தவர் 4.

கோத்தகிரி மணி: 742 இருவருக்கும் கழிவு எவ்வளவு?

குந்தா கணக்கர்: இருவருக்கும் 15.

கோத்தகிரி மணி: அப்படியென்றால் உங்களுக்கும் ஆறு பேர்தான்! இவ்வளவு நீட்டி முழக்கியது எதற்கு?

குந்தா கணக்கர்: அங்கே மூன்றாவது விதி வேண்டும். பதிவு எண்ணை வைத்துப் பிரிக்கலாம், ஆனால் பழைய ஆள் என்பதற்காகப் பரிசு கொடுப்பது நியாயமில்லை. நான் இருவருக்கும் கொடுக்கச் சொல்வேன்.

கூடலூர் செல்வி: என் பட்டியலிலும் ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது, அதுவும் இதனால்தானா?

ஊட்டி ரவி: இல்லை, அது இரண்டு ஆளாக இருக்கும். பவர் பிஐ-க்குக் கொண்டுபோகும்போது பெயரை மட்டும் இழுத்துப் போடாமல் விவசாயி எண்ணையும் சேருங்கள். பெயர் மட்டும் இருந்தால் அது இருவர் எடையையும் ஒன்றாகக் கூட்டிவிடும்.

கோத்தகிரி மணி: போன வருடமும் குந்தா கணக்கர் என் ரிப்போர்ட்டில்தான் குறை கண்டுபிடித்தார். என் பட்டியலில் 4 இருக்கிறது, அவ்வளவுதான்.

குந்தா கணக்கர்: 4 இருக்கிறது, இரண்டு தடவை இருக்கிறது!