புதுப்பிப்பு: பள்ளிக் கால்பந்தில் பாஸ் எண்ணும் தாள்

முன்பு கேட்டது: “பாஸ், ஷாட் இரண்டையும் ஒருவனே எண்ணினால் பாதி விட்டுப்போகிறது. என்ன செய்வது?”

நேற்று இரண்டு மாணவர்களை அமர்த்தினேன். ஒருவன் ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னான். மற்றவன் தலை நிமிராமல் கோடு போட்டான். எதுவும் விடுபடவில்லை.

மைதானத்தை மூன்றாகப் பிரித்து எண்ணச் சொன்ன பயிற்சியாளர் அண்ணனுக்கு நன்றி. முதல் பாதியில் 92 பாஸ்களில் 64 சரியாகச் சேர்ந்தன. ஆனால் எதிரணி கோல் பக்கத்துப் பகுதியில் 18-இல் 5 மட்டுமே! மொத்த விகிதமே போதும் என்ற நண்பரே, அது இந்த ஓட்டையை மறைத்திருக்கும். 6 ஷாட்களில் 4 கோல் முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்ததும் இதனால்தான்.

கூடைப்பந்துத் தாள் அனுப்பிய அக்கா, அதில் பாஸுக்குக் கட்டமே இல்லை.

தடுப்பாளர் காலில் பட்டுத் திரும்பிய ஷாட்டை எந்தக் கட்டத்தில் போடுவது என்று இரு மாணவர்களும் இன்னும் வாதிடுகிறார்கள்.