ஏழாம் வகுப்பு எழுதிய ஐந்து வரி

குளச்சல் பக்கம் ஆசிரியை:
வகுப்பில் கேலி அதிகமானதால், பிள்ளைகளையே உறுதிமொழி எழுதச் சொன்னேன். முதலில் வந்தது, ‘அனைவரிடமும் அன்பாக இருப்பேன்’. ஒரு பையன் எழுந்து, “டீச்சர், இத மீறினா எப்படித் தெரியும்?” என்றான். சரியான கேள்வி. அதை அழித்துவிட்டு, மனம் நொந்த ஒரு சம்பவத்தைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னேன். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், யாரிடமும் காட்டாமல் நானே படித்துப் பலகையில் எழுதினேன். ஒரு சீட்டில், ‘நான் வந்தா மூக்கப் பொத்துறாங்க. அப்பா கடலுக்குப் போறாங்க’ என்று இருந்தது. இரண்டாவது வாக்கியத்தைப் பலகையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் யார் என்று உடனே தெரிந்திருக்கும்.

கடைசியில் அவர்கள் எழுதியது:

வீட்டில் வைத்த பெயரைச் சொல்லியே கூப்பிடுவோம்.
ஒருத்தர் வந்தால் மூக்கைப் பொத்த மாட்டோம், நகர்ந்து உட்கார மாட்டோம்.
ஒருத்தர் பேசுவதைப் பேசிக் காட்ட மாட்டோம்.
ஒருத்தரை அழ வைக்கும்போது சிரிக்க மாட்டோம், அவர் பக்கத்தில் போய் நிற்போம்.
டீச்சரிடம் சொன்னவரைக் கோள்மூட்டி என்று சொல்ல மாட்டோம்.

மார்த்தாண்டம், ஒரு அப்பா:
நல்லது. ஆனால் தண்டனை இல்லாமல் நிற்காது. மீறினால் வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்க வைக்கணும்.

ஆசிரியை:
தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை அண்ணா. போன வருஷம் அப்படித்தான் செய்தேன். மன்னிப்புக் கேட்ட பையன் மதியம் சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து மற்றவனைப் பிடித்துத் தள்ளிவிட்டான். இப்போது தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன். அடி, மிரட்டல், சாதி சொல்லித் திட்டுவது என்றால் உறுதிமொழியோடு விடுவதில்லை, நேரே தலைமையாசிரியரிடம் போய்விடும்.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்:
ராகிங்குக்கு 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சே? எனக்கு முதல் வருஷம் நடந்தபோது யாரும் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, இங்கே பேசுவது சின்னப் பிள்ளைகளின் கேலியைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னதுதான் நாலாவது வரி. கேலி பண்ணுகிறவன் ஒருவன், சிரிக்கிறவர்கள் பத்துப் பேர். அந்தச் சிரிப்பு நின்றாலே அவனுக்குப் பாதி தெம்பு போய்விடும். டீச்சர், வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வரியை எடுத்துப் பேசுங்கள். சுவரில் ஒட்டி விட்டுவிட்டால் ஒரு மாசத்தில் யார் கண்ணிலும் படாது. வீட்டில் சொல்லப் பயப்படும் பிள்ளைக்கு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அதன் கீழே எழுதிவிடுங்கள்.

ஆசிரியை:
எழுதிவிடுகிறேன் சார். முதல் வரியில்தான் சிக்கல். ஒரு பையன், “எனக்கு என் வட்டப்பேரு பிடிச்சிருக்கு டீச்சர், அப்படியே கூப்பிடட்டும்” என்கிறான். உண்மையிலேயே பிடித்துச் சொல்கிறானா, வேறு வழியில்லாமல் சொல்கிறானா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அந்த வரியைத்தான் எடுக்கப் போகிறோம்.