நேர்காணல் அழைப்புக்கு யாரிடம் பதில் சொல்வது?

ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலை, தரக்கட்டுப்பாட்டுப் பணி, வரும் வியாழன் காலை 10 மணி. இடம் ‘சிப்காட்’ என்று மட்டும் மின்னஞ்சலில் இருக்கிறது. சிப்காட்டில் மூன்று கட்டங்கள். எதில் என்று தெரியாமல் காட்பாடியிலிருந்து பஸ் ஏறி என்ன பயன்? ‘அசல் சான்றிதழ்களுடன் வரவும்’ என்கிறார்கள். சரிபார்த்துத் தருவார்களா, வாங்கி வைத்துக்கொள்வார்களா? பட்டச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. தற்காலிகச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும்தான் கையில் இருக்கின்றன. எழுத்துத் தேர்வு உண்டா என்பதும் இல்லை.

பதவி, நாள், நேரம் குறிப்பிட்டு வருகையை உறுதிசெய்து, இந்த மூன்றையும் கேட்டு அன்றே எழுதினேன். ‘இம்முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்று தானியங்கிப் பதில் வந்தது. தொலைபேசியில் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை.

இத்தகைய தொழிற்சாலைகளில் வருகையை உறுதிசெய்து விவரம் கேட்க யாரை அணுக வேண்டும்: வாயில் அலுவலகத்தையா, மனிதவளப் பிரிவையா?