பொருள்: பிசிஐஇ ஸ்லாட்டை நாலா பிரிக்கிறதுக்கு தமிழ்ல என்ன வைக்கலாம்?

செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டு சர்வர் கையேட்டுல எக்ஸ்ட்ரா எம்.2 எஸ்எஸ்டி போடுற கார்டு பத்தின பகுதிக்கு வந்துட்டேன், அங்க பைஃபர்கேஷன்னு வரிக்கு வரி வருது. நம்ம பழைய பட்டியல்ல 'இருகவர்ப்பு'ன்னு இருக்கு, ஆனா இங்க ஸ்லாட் ரெண்டா மட்டும் பிரியல, ஒரு எக்ஸ்16 ஸ்லாட் நாலு எக்ஸ்4 ஆகுது, சில போர்டுல மூணா ஆகுது, அப்போ 'இரு'ங்கிறதே பொய்யாயிடுதே. லேனுக்கு 'தடம்'னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டோம், அதனால இதுக்கு 'தடப்பகிர்வு'ன்னு வச்சிருக்கேன். ஓகேவா?

கதிர்:
அக்கா, 'பகிர்வு' பார்ட்டிஷனுக்குதானே? ஒரு டிரைவை நாலா பிரிக்கணும்னா ஜிபார்ட்டெட் போதுமே, கார்டு எதுக்கு வாங்கணும்?

செல்வி:
இல்ல கதிர், இது டிரைவை பிரிக்கிறது இல்ல, ஸ்லாட்டை பிரிக்கிறது. ஆனா நீ இப்படி புரிஞ்சுக்கிட்டதே எனக்கு யோசனையா இருக்கு, படிக்கிறவங்களும் அப்படித்தான் புரிஞ்சுப்பாங்க.

இளங்கோ:
பார்ட்டிஷன் குழப்பம் இல்லாட்டியும் 'பகிர்வு' வேணாம்மா, விஷயமே மாறிடும். கடையில ரெண்டு வகை கார்டு கிடைக்குது. ஒண்ணுல நாலு எம்.2 சாக்கெட், பவர் சர்க்யூட், ஸ்லாட்ல வர்ற ஒரே க்ளாக் சிக்னலை நாலு டிரைவுக்கும் குடுக்குற ஒரு சின்ன சிப், அவ்ளோதான், 16 லேனும் நாலு நாலா நேரா சாக்கெட்டுக்கு போயிடும். இதுல பிரிக்கிற வேலையை கார்டு செய்யாது, புராசசருக்குள்ள இருக்குற பிசிஐஇ கண்ட்ரோலர்தான் செய்யணும், அதை செய்யச் சொல்ற செட்டிங் போர்டோட பயாஸ்ல இருக்கணும். அது இல்லன்னா ஸ்லாட்ல ஒரே ஒரு டிவைஸ் இருக்குன்னுதான் சிஸ்டம் எடுத்துக்கும், முதல் சாக்கெட் டிரைவ் மட்டும் தெரியும், மிச்ச 12 லேனும் சும்மா கிடக்கும்.

இன்னொரு வகை கார்டுல ஸ்விட்ச் சிப் இருக்கும், உதாரணத்துக்கு ஏஎஸ்எம்2824. அதுக்கு போர்டு எதையும் பிரிக்க வேணாம், சிப்பே பாத்துக்கும், ஆனா அந்த சிப்ல இருந்து மேல போறது எக்ஸ்8, கீழ நாலு எக்ஸ்4, அதனால நாலு டிரைவும் ஒரே நேரத்துல முழு வேகத்துல ஓடினா இருக்குறதை பங்கு போட்டுதான் ஆகணும். விலையும் அதிகம், சூடும் அதிகம். மொதல் வகை ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் வெட்டி விடுறது, ரெண்டாவது ஒரே வாய்க்கால்ல முறை வச்சு தண்ணி பாய்ச்சுறது. 'பகிர்வு' இந்த ரெண்டாவதுக்கு பொருந்துற சொல். அதை மொத வகைக்கு வச்சா, படிச்சிட்டு கார்டு வாங்குறவர் பிரிக்கிறதை கார்டே பாத்துக்கும்னு நம்பிடுவார்.

ரஃபீக்:
சொல் விவாதத்துக்கு நடுவுல என் பிரச்சனையை கொண்டு வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பி550 போர்டு, ரைசன் 5600ஜி, ஸ்விட்ச் இல்லாத நாலு டிரைவ் கார்டு. பயாஸ்ல பிரிக்கிற செட்டிங்கை ஆன் பண்ணியாச்சு, ஆனாலும் மூணு டிரைவ்தான் வருது. கடையில கேட்டா போர்டு சப்போர்ட் பண்ணுதுன்னு சொல்றாங்க.

முத்து:
கார்டுல ஒரு சாக்கெட் போயிருக்கும், மாத்திக்குங்க பாய். பி550ல நாலா பிரிக்கலாம், நான் ரைசன் 5600ல ஓட்டிட்டு இருக்கேன், எல்லாமே வருது.

இளங்கோ:
முத்து சொன்னதுல பாதி சரி. பி550 போர்டு பிரிக்கும், ஆனா உங்களுது 5600, ரஃபீக்கோடது 5600ஜி. கிராஃபிக்ஸ் உள்ளயே இருக்குற 5000ஜி வரிசை புராசசர் அந்த ஸ்லாட்டை `x4x4x4x4`ன்னு பிரிக்காது, `x8x4x4` வரைக்கும்தான். எட்டு லேன் போற பகுதியில ரெண்டு சாக்கெட் இருக்கும், அதுல ஒண்ணு மட்டும்தான் எழும்பும். அதனால போர்டு மாடலை மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது, எந்த புராசசர் போட்டா எத்தனையா பிரியும்ங்கிற அட்டவணையை போர்டு கையேட்டுல பாத்துட்டுதான் வாங்கணும்.

ரஃபீக், கார்டை மாத்துறதுக்கு முன்னாடி இதை பண்ணுங்க. மெஷினை ஆஃப் பண்ணிட்டு, தெரியாத டிரைவையும் தெரியுற ஒரு டிரைவையும் இடம் மாத்தி போட்டு பாருங்க. அதே சாக்கெட்தான் மறுபடியும் காலின்னா டிரைவ் நல்லாருக்குன்னு அர்த்தம். அது முதல் பாதியில இருக்குற சாக்கெட்டுன்னா பெரும்பாலும் புராசசர் வரம்புதான், கடைசி ரெண்டுல ஒண்ணுன்னா கார்டு மேல சந்தேகப்படலாம்.

```
sudo nvme list
lspci -tv
```

ரெண்டாவது கமாண்ட்ல எந்த டிரைவ் எந்த போர்ட்டுக்கு கீழ வந்திருக்குன்னு மரம் மாதிரி காட்டும்.

தர்ஷினி:
யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். என்னட்ட இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ5, பி660 போர்டு. அதில நீளமான ஸ்லாட் ரெண்டு கிடக்கு, ரெண்டாவதில இந்த கார்டைப் போடேலுமா?

இளங்கோ:
நீளத்தை பாத்து ஏமாந்துடாதீங்க தர்ஷினி. பி660 போர்டுகள்ல அந்த ரெண்டாவது ஸ்லாட் வழக்கமா சிப்செட்ல இருந்து வர்ற எக்ஸ்4தான், பாக்க எக்ஸ்16 மாதிரி இருக்கும், நாலு லேனுக்கு மேல வயரிங்கே இருக்காது, அதுல ஒரு டிரைவ்தான் வரும். புராசசர்ல இருந்து வர்ற மொத ஸ்லாட்டையும் பி660ல பிரிக்க முடியாது. ஜெட்690, ஜெட்790 போர்டுகள்ல கூட அந்த தலைமுறை இன்டெல் புராசசர் `x8x8`தான், அப்போ நாலு சாக்கெட் கார்டுல ரெண்டு டிரைவ்தான் வேலை செய்யும். உங்களுக்கு ஸ்விட்ச் சிப் கார்டுதான் வழி, அதையும் மொத ஸ்லாட்ல போட்டாதான் பலன், ஆனா அங்க கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா அது எங்க போகும்னு யோசிச்சுட்டு வாங்குங்க.

ரஃபீக்:
மாத்தி போட்டு பாத்தேன் சார், எந்த டிரைவை போட்டாலும் ரெண்டாவது சாக்கெட் மட்டும் காலி. அந்த டிரைவை எடுத்து போர்டுலயே புராசசருக்கு நேரா போற எம்.2 சாக்கெட்ல போட்டுட்டேன், இப்போ நாலும் வருது. கார்டை திருப்பி குடுக்கல.

செல்வி:
சூப்பர் ரஃபீக். அப்போ 'பகிர்வு'ங்கிறதை எடுத்துடுறேன், அது ஸ்விட்ச் கார்டுக்கு இருக்கட்டும். இதுக்கு 'தடப்பிரிப்பு'?

தர்ஷினி:
'பிரிப்பு' எண்டாலும் கதிர் கேட்ட மாதிரி திரும்ப பார்ட்டிஷன் எண்டு நினைப்பினம். ஒரு மரம் கிளை விடுற இடத்தைக் கவர் எண்டுதானே சொல்லுறம், பழைய பட்டியல்ல இருந்த 'இரு'வை மட்டும் கழட்டிப்போட்டு 'தடக்கவர்ப்பு' எண்டு வைக்கலாமே, மூண்டுக்கும் நாலுக்கும் பொருந்தும்.

முத்து:
'கவர்'னா எங்க ஊர்ல உறைதான். ஸ்லாட்டுக்கு கவர் போடுறதுன்னு நெனைச்சுப்பாங்க. என் ஓட்டு 'தடப்பிரிப்பு'.

இளங்கோ:
'தட'ங்கிறது முன்னாடி நிக்கிறதால பார்ட்டிஷன் குழப்பம் பெருசா வராதுன்னு எனக்கு தோணுது. ஆனா பயாஸ் மெனுவுக்குள்ள இடம் ரொம்ப குறுகல், சில போர்டுல அந்த செட்டிங் `PCIe RAID Mode`ங்கிற பேர்ல வேற ஒளிஞ்சிருக்கு, ரெய்டு போடாதவங்க அதை தொடவே மாட்டாங்க. அதனால செல்வி, நீங்க எந்த சொல்லை எடுத்தாலும் கையேட்டுல மொத தடவை வர்ற இடத்துல திரையில தெரியுற ஆங்கிலப் பேரையும் அப்படியே குடுத்துடுங்க.

செல்வி:
குடுத்துடுறேன் சார். 'தடப்பிரிப்பு', 'தடக்கவர்ப்பு' ரெண்டையும் பட்டியல்ல வரைவாவே வைக்கிறேன். `x8x4x4`ங்கிறதை வாக்கியத்துல எப்படி படிக்கிறதுன்னும் யாராவது சொல்லுங்க, 'எட்டு-நாலு-நாலு தடப்பிரிப்பு'ன்னு எழுதினா புரியுதா?