களமா, கூடலா, உளியா?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
வணக்கம். எங்கள் கல்லூரியில் வருடாவருடம் சிம்போசியம் நடத்துகிறோம். வாளையாறு தாண்டிக் கோவைப் பிள்ளைகளும் பாலக்காட்டு மலையாளப் பிள்ளைகளும் வருவார்கள். ஒவ்வொரு வருடமும் அப்போது பேசப்படும் தொழில்நுட்பத்தை வைத்துப் புதுப்பெயர் சூட்டுகிறோம். மூன்று வருடத்துக்கு முந்தைய சான்றிதழைக் காட்டினால் ஜூனியர்களுக்கே அது எங்கள் நிகழ்ச்சி என்று தெரிவதில்லை. நிலைத்து நிற்கும் தமிழ்ப் பெயர் வேண்டும். ‘களம்’ சரியா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சித்தூர்:
கருத்தரங்கம் என்ற நல்ல சொல் இருக்கிறதே அம்மா, புதிதாக எதற்கு? சிம்போசியம் கிரேக்கத்தில் சேர்ந்து குடிப்பதைக் குறித்த சொல். நம் சொல்லே மேல்.

மொழிபெயர்ப்பாளர், பாலக்காடு:
ஐயா சொல்வது நிகழ்ச்சியின் வகைக்கான பொதுச்சொல். தங்கச்சி கேட்பது இந்த ஒரு நிகழ்ச்சிக்கான பெயர். அது போஸ்டரில் மூன்று விதமாகப் படிக்கப்படும்: தமிழில், மலையாளத்தில், ரோமன் எழுத்தில். Kalam என்று அடித்தால் களமா, கலமா, காலமா? பலர் அப்துல் கலாம் நினைவு நிகழ்ச்சி என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘கூடல்’ அழகான சொல்தான். ஆனால் Koodal என்பதில் oo-வுக்குப் பதில் u போட்டால் Kudal, குடல் ஆகிவிடும். ழகரம் உள்ள சொல்லை zh, l என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள்.

நான் சொல்வது ‘உளி’. மலையாளத்திலும் ഉളി அதே கருவிதான், தெலுங்கில் ఉలి. ரோமனில் Uli, மூன்றே எழுத்து. எந்தத் தொழில்நுட்பத்தையும் சாராததால் பழசாகாது.

கோவைப் பொறியியல் மாணவர்:
உளி என்றால் தச்சு வேலைதானே அக்கா? கோடிங் போட்டிக்கு ஒட்டுமா? இன்னொன்று, பெயரோடு வரிசை எண் வேண்டாம். எங்கள் கல்லூரியில் 2020இல் ஊரடங்கால் நிகழ்ச்சி நின்றது. அடுத்த வருடம் ஆன்லைனில் நடந்ததைக் கணக்கில் சேர்ப்பதா என்று தகராறு. கடைசியில் இரண்டு வருடச் சான்றிதழில் 13ஆவது என்றே அச்சாகிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்:
நல்ல எச்சரிக்கை, தம்பி. பெயர் மாறாமல் இருக்கட்டும், நான்கு இலக்க ஆண்டு மட்டும் பக்கத்தில் வரட்டும்: உளி 2026. கோப்புறைக்கும் அதே முறை. வரிசை எண் போட்டால், எழுத்து வரிசைப்படி அடுக்கும் இடங்களில் `uli-10` போய் `uli-9`க்கு முன்னால் நிற்கும். `uli-2026` ஒழுங்காக அடுத்து வரும். இணைய முகவரியில் ஆண்டு வேண்டாம். அது எப்போதும் நடப்பு வருடத்தைத் திறக்கட்டும், பழைய வருடங்கள் `/2025` என்று உள்ளே இருக்கட்டும். தச்சு என்ற மறுப்பு நியாயம்தான். சிற்பியின் கையிலும் உளிதான் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

தமிழாசிரியர்:
பெயர் உளி என்றே இருக்கட்டும். அதன் கீழே ‘கல்லூரிகளுக்கு இடையிலான தொழில்நுட்பக் கருத்தரங்கம்’ என்று ஒரு வரி போடுங்கள்.

மாணவி:
நன்றி ஐயா. ஆனால் எங்களுடையதில் கட்டுரை வாசிப்பு ஒன்றுதான், மீதி ஐந்தும் போட்டிகள். கருத்தரங்கம் என்றால் உட்கார்ந்து கேட்பது என்று நினைத்துக்கொள்வார்களே. ‘நுட்பப் போட்டியரங்கு’ என்று போடலாமா? உளி என்ற பெயரை நாளை எங்கள் குழுவில் மலையாளத் தோழிகளிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.